காணி எடுக்கும் அறிவித்தல்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒத்துவரவில்லை, எதை நம்புவது?

சாரல்

வணக்கம். மலையகத்தில் எங்கள் ஊர்ப் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்ததைப் படம் எடுத்தேன். வீதி அகலமாக்கும் வேலை. காணி எடுத்தற் சட்டத்தின் 7ஆம் பிரிவு என்று தலைப்பில் இருக்கிறது. ஒரே தாளில் மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். எங்கள் துண்டும் அதில் வருகிறது. எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்; ஆங்கிலம் பரவாயில்லை.

தமிழில் இப்படி இருக்கிறது: "16.07.2024 அன்று மு.ப. 9.30 மணிக்கு நேரில் சமுகமளிக்குமாறும், 16.07.2024 அன்றோ அதற்கு முன்னரோ உரித்து விபரங்களை எழுத்து மூலம் அறிவிக்குமாறும்..."

ஆங்கிலத்தில் விசாரணைக்கு 16, எழுத்தில் அறிவிக்க 09.07.2024. சிங்களத்திலும் 2024.07.09 என்றுதான் இலக்கம் தெரிகிறது. அப்புறம் காணியின் பரப்பு, தமிழில் 0.304 ஹெக்டேயர், மற்ற இரண்டிலும் 0.0304.

இரண்டு மொழி ஒன்றாகச் சொல்வதால் அதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? வேறு ஏதும் வித்தியாசம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர்கோடு

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நம் நாட்டில் எந்தச் சட்டத்தை எடுத்தாலும் கடைசியில் "சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும்" என்று ஒரு வரி இருக்கும். ஆகவே சிங்களத்தில் உள்ளதுதான் செல்லும். 9ஆம் திகதிக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

காகிதப்பூ

நான் போன வருடம் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் முத்திரையோடு தருவார், எந்த அலுவலகத்திலும் மறுக்க மாட்டார்கள். அந்த அறிவித்தலையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சாரல்

@காகிதப்பூ அக்கா, எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மூன்று மொழியிலும் ஏற்கெனவே எழுதித்தான் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஓய்வுபெற்றவன்

அரசாங்க மொழிபெயர்ப்பு வேலையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், மகள்.

முதலில் நேர்கோடு சொன்னதைப் பார்ப்போம். அந்த வரி உண்மைதான், நிறையச் சட்டங்களில் இருக்கிறது. ஆனால் அது அந்தந்தச் சட்டத்தின் உரைகளைப் பற்றிய வரி. பலகையில் ஒட்டிய அறிவித்தல் ஒரு சட்டம் அல்ல. இன்னொன்று, காணி எடுத்தற் சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அந்தக் காலத்தில் சட்டங்கள் ஆங்கிலத்தில்தான் இயற்றப்பட்டன. பழைய சட்டம் எந்த மொழியில் இயற்றப்பட்டதோ அந்த உரைதான் மேலோங்கும் என்று அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆக, இந்தச் சட்டத்துக்குச் சிங்களம் மேலோங்கும் என்ற கதையே பொருந்தாது. 9ஆம் திகதிக்கு முன் கொடுக்கச் சொன்ன புத்திமதி மட்டும் சரி, காரணம்தான் வேறு.

இப்போது உங்கள் கேள்வி. இரண்டு மொழி ஒத்துப்போனால் அது பெரும்பான்மை வாக்கு ஆகாது. பெரும்பாலும் ஒரு மொழியில் வரைவு எழுதுவார்கள், மற்ற இரண்டும் அதிலிருந்து பிறக்கும். மூலத்தில் பிழை இருந்தால் மூன்றிலும் அதே பிழை அழகாக ஒத்துப்போகும். எது மூலம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காணியின் பெயர் தமிழில் எப்படி எழுதியிருக்கிறது? உங்கள் உறுதியில் எப்படி இருக்கிறது?

சாரல்

உறுதியில் "பழையதோட்டம்". அறிவித்தலின் தமிழில் "பலெயதோட்டம்". எழுத்துப்பிழை என்று விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்றவன்

அதுதான் அடையாளம். சிங்களத்தில் ழகரம் கிடையாது. நம் பெயர் சிங்களத்துக்குப் போகும்போது லகரமாகவோ ளகரமாகவோ மாறிவிடும். அதைத் திரும்பத் தமிழாக்குகிறவர் ஊரை அறியாதவர் என்றால் எழுத்துக்கு எழுத்து வைத்துவிடுவார். நேரே தமிழில் எழுதிய ஒருவருக்கு "பலெயதோட்டம்" கையில் வரவே வராது. றகரம் ரகரமாக வருவதும் இதே கதைதான்.

ஆகவே தமிழ் சிங்களத்திலிருந்து வந்தது, ஆங்கிலமும் அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் ஆங்கிலத்தைத் தனிச் சாட்சியாக எண்ண முடியாது. தனிச் சாட்சிகள் தாளுக்கு வெளியே இருக்கின்றன: சட்டத்தின் பிரிவு, நில அளவை வரைபடம், வர்த்தமானி.

சட்டத்தை வைத்துத் திகதியைப் பார்ப்போம். 7ஆம் பிரிவின்படி உரிமை கோருபவர் விசாரணை நாளுக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். விசாரணை 16ஆம் திகதி என்பதில் மூன்று மொழியும் ஒன்றுதான். பதினாறிலிருந்து ஏழு போனால் ஒன்பது. ஆகவே 9 சரி. தமிழில் 16 இரண்டு தடவை வந்தது தட்டச்சில் முதல் திகதியையே மறுபடி ஒட்டியதால். விசாரணை நாளும் அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து 21 நாட்களுக்கு முன் வரக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. தாளில் போட்ட திகதி என்ன?

சாரல்

2024.06.18 என்று சிங்களத்தில். தமிழிலும் ஆங்கிலத்திலும் 18.06.2024.

ஓய்வுபெற்றவன்

அது பிரச்சினையில்லை, 28 நாட்கள் இருக்கின்றன. தாளில் போட்ட நாளும் ஒட்டிய நாளும் ஒன்றுதானா என்பது வேறு கேள்வி. ஒட்டியதை முதலில் பார்த்தது எப்போது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வையுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சிங்களத்தில் வருடம் முதலில், நாள் கடைசியில். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாள் முதலில். 18 என்றால் குழப்பமில்லை. 09.07 என்று வரும்போது சிலர் செப்டெம்பர் 7 என்று வாசித்துவிடுகிறார்கள். சிங்களத்தில் உள்ள வரிசையைப் பார்த்தால் மாதம் எது என்று தெரிந்துவிடும். அந்த வகையில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தாலே போதும்.

தட்டச்சுக்கடை

நான் செயலகத்துக்கு எதிரே தட்டச்சு, போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவன். இப்படிப் படங்களோடு நாள்தோறும் ஆட்கள் வருவார்கள்.

0.304 என்பது தாளிலேயே அப்படியா, படத்தில் அப்படித் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பலகைக்கு மேலே கண்ணாடி இருந்தால் வெளிச்சம் பட்டு ஒரு இலக்கம் அப்படியே மறைந்துபோகும். 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாமல் போவதும் உண்டு. பூச்சி எச்சம் தசமப் புள்ளியாகிப் போனதைக் கூடப் பார்த்திருக்கிறேன். நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கமாக நின்று, தொலைபேசியைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்து, மூன்று மொழியையும் தனித்தனியாக எடுங்கள். அதற்கு முதல் முழுத் தாளும் ஓரங்களோடு தெரிய ஒன்று எடுங்கள். கோப்பு இலக்கம், கையொப்பம், முத்திரை மூன்றும் அதில் விழவேண்டும். பிறகு யாராவது "இது எந்தத் தாள்" என்று கேட்டால் அந்த முழுப் படம்தான் பதில்.

முத்திரை எந்த மொழிக்குக் கீழே குத்தியிருக்கிறார்கள், அது இலக்கத்துக்கு மேலே விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சாரல்

இன்று மறுபடி போய் எடுத்தேன் அண்ணா. தாளிலேயே 0.304 தான். பூச்சி இல்லை.

தட்டச்சுக்கடை

அப்படியென்றால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். 0.0304 ஹெக்டேயர் என்றால் 304 சதுர மீட்டர், அதாவது 12 பேர்ச். 0.304 என்றால் 120 பேர்ச், முக்கால் ஏக்கர். உங்களிடம் மொத்தமே எவ்வளவு?

சாரல்

20 பேர்ச்! முக்கால் ஏக்கர் எங்கள் கனவில்கூட இல்லை. அப்போ ஒரு சைபர் விடுபட்டிருக்கிறது. ஆனால் 12 பேர்ச் என்பதும் எங்களுக்குப் புதுச் செய்தி. வாசலில் கொஞ்சம்தான் போகும் என்றுதான் சொன்னார்கள்.

மட்டுநகரான்

இப்படிப் பூச்சியம் விடுபடுவது பெரிய ஆபத்தில்லை, யார் பார்த்தாலும் தெரியும். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஆட்சேர்ப்பு அறிவித்தல் ஒன்று. சிங்களத்தில் வயது "18க்கு நொஅடு, 30க்கு நொவெடி", அதாவது 18க்குக் குறையாமல், 30க்கு மேற்படாமல். தமிழில் "30 வயதிற்குக் குறையாதவராக" என்று அடித்திருந்தார்கள். எனக்கு அப்போது 27. தமிழை மட்டும் வாசித்தவன், எனக்குத் தகுதி இல்லை என்று விண்ணப்பிக்கவே இல்லை. இலக்கம் 18, 30 இரண்டும் மூன்று மொழியிலும் சரியாகத்தான் இருந்தது. இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தால் பிழை தெரிந்திருக்காது.

ஓய்வுபெற்றவன்

மட்டுநகரான் சொன்னது முக்கியமான விஷயம். இலக்கம் சரியாக இருந்தும், அதற்குப் பக்கத்தில் உள்ள சொல் தலைகீழாக நிற்கலாம். "குறையாத", "மேற்படாத", "முன்னர்", "அன்றோ அதற்கு முன்னரோ", "அல்லது", "மற்றும்". ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் இந்தச் சொல் எது என்று மூன்று மொழியிலும் வட்டம் போடுங்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் "ஹோ" என்றால் அல்லது, "சஹ" என்றால் மற்றும், "பெர" என்றால் முன் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடியும்.

இதைவிடக் கண்ணுக்குப் படாதது, விடுபட்டது. இருக்கிற சொல் பிழையென்றால் கண் தடுக்கும். இல்லாத சொல்லை யார் தேடுவார்? அதற்கு ஒரு எளிய வேலை செய்யுங்கள். அந்த நீண்ட வாக்கியத்தை மூன்று மொழியிலும், "என்ன செய்யச் சொல்கிறார்கள்" என்று துண்டு துண்டாகப் பிரித்து இலக்கம் போடுங்கள். எத்தனை துண்டு என்று எண்ணுங்கள். ஆங்கிலத்தில் ஆறு இருந்து தமிழில் நான்கு இருந்தால், எது காணாமல் போனது என்று கேட்க வேண்டியதுதான்.

சாரல்

செய்து பார்த்தேன் ஐயா. தலை சுற்றுகிறது, ஆனால் கிடைத்தது.

ஆங்கிலத்தில் இப்படி வருகிறது: நேரிலோ, எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற முகவர் ஊடாகவோ வரவேண்டும், எழுத்து மூலம் இரட்டைப் பிரதியில் அறிவிக்க வேண்டும், உரித்தின் தன்மை, இழப்பீட்டுக் கோரிக்கை விபரம், கேட்கும் தொகை, அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது. தமிழில் "நேரில்" மட்டும்தான். முகவர் இல்லை. இரட்டைப் பிரதி இல்லை. தொகையை எப்படிக் கணக்கிட்டோம் என்பதும் இல்லை, "இழப்பீட்டு விபரம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள்.

எங்களுக்கு இதில் பெரிய விஷயம் முகவர்தான். காணி அக்காவின் பெயரில். அவர் வெளிநாட்டில் வேலை, லீவு கிடைக்காது. தமிழை வாசித்துவிட்டு, வரமுடியாது, உரிமை போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் பதறிப்போய் இருந்தோம்.

ஓய்வுபெற்றவன்

சட்டத்தில் முகவர் உண்டு. எழுத்தில் முறையாக அதிகாரம் கொடுத்தவர் வரலாம் என்று 7ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தொகையைக் கணக்கிட்ட விதமும் சட்டம் கேட்பதுதான். ஆக இந்த இரண்டிலும் தமிழ் சுருக்கிவிட்டது, ஆங்கிலம் சரி. இரட்டைப் பிரதி அலுவலக நடைமுறை, இரண்டாகவே கொடுத்துவிடுங்கள்.

இப்போது வர்த்தமானியையும் பாருங்கள். 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியிலும் வரவேண்டும். `documents.gov.lk` தளத்தில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கோப்பு இருக்கும். கோப்புப் பெயரின் முடிவில் `_S`, `_T`, `_E` என்று வரும். தமிழ்க் கோப்பைப் பலகையில் உள்ள தமிழோடு ஒப்பிடுங்கள். வேறு என்றால், பலகைக்காக யாரோ புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடலோடி

நான் ஒன்று கேட்கலாமா. இவ்வளவு பிழை இருக்கும் அறிவித்தல் செல்லுபடியாகுமா? தமிழில் திகதியே தவறு. தமிழ் 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியாகிவிட்டது. 4ஆம் பிரிவு அறிவித்தல்கூட சிங்களம், தமிழ், ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் தமிழ் பிழையான அறிவித்தல், அறிவித்தலே இல்லை என்றுதான் நான் சொல்வேன். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்யச் சொல்லலாம்.

நேர்கோடு

அப்படிப் பார்த்தால் ஒரு எழுத்துப்பிழைக்கும் ஒவ்வொரு வேலையையும் நிறுத்தலாம். வீதி எப்போது போடுவது?

கடலோடி

எழுத்துப்பிழைக்கும் உரிமை கோரும் கடைசி நாளுக்கும் வித்தியாசம் இல்லையா? 16ஆம் திகதி கொண்டுபோய்க் கொடுத்தவனிடம் "ஒரு கிழமை பிந்திவிட்டது" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

ஓய்வுபெற்றவன்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இதை இங்கே தீர்க்க முடியாது. அது ஒரு சட்டத்தரணி படத்தையும் கோப்பையும் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அடிப்படை உரிமை மனு என்ற யோசனை யாருக்காவது இருந்தால், 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதம்தான் கால எல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜூலை முடியட்டும் என்று காத்திருந்தால் அது போய்விடும். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. ஆனால் அது உங்கள் 9ஆம் திகதியைத் தள்ளிப்போடாது.

மகள், நீங்கள் செய்ய வேண்டியது முந்திய திகதியை எடுத்துக்கொள்வது. மூன்றில் எது கடுமையான நிபந்தனையோ அதைப் பின்பற்றினால் எந்த மொழி மேலோங்கினாலும் உங்களுக்கு நட்டமில்லை. பரப்பில் மட்டும் அப்படிச் செய்ய முடியாது. அங்கே பெரிய இலக்கமோ சிறிய இலக்கமோ எடுக்காமல், வரைபடத்தில் உள்ளதை எடுங்கள்.

சாரல்

வர்த்தமானியின் தமிழ்க் கோப்பு கிடைத்தது! அதில் 09, 0.0304, முகவர், கணக்கிட்ட விதம் எல்லாம் சரியாக இருக்கின்றன. "பலெயதோட்டம்" மட்டும் அப்படியேதான். ஆக ஐயா சொன்னதுபோலப் பலகைக்காகத்தான் யாரோ அவசரமாக அடித்திருக்கிறார்கள்.

இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். காணிப் பிரிவில் இருந்த ஐயா ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சின்னப் பிழைதானே" என்றார். பிறகு தானே பலகையைத் திறந்து, தமிழில் 16ஐ வெட்டி 9 என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். 0.304ஐயும் சேர்த்துத் திருத்தினார். முகவர் பற்றிய சொல்லைச் சேர்க்க இடமில்லை என்றார்.

தட்டச்சுக்கடை

திருத்திய தாளையும் உடனே படம் எடுத்தீர்களா? பழைய படத்தை அழிக்க வேண்டாம். திருத்துவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் ஒரே அத்தாட்சி.

சாரல்

எடுத்தேன். இரண்டையும் எனக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்திருக்கிறேன், திகதி விழுவதற்கு. வேறு ஆட்கள் 16 என்று நினைத்துக்கொண்டு இருப்பார்களே என்று கிராம உத்தியோகத்தரிடமும் சொன்னேன். எங்கள் வரிசையில் இன்னும் ஐந்தாறு வீடு இருக்கிறது.

வரைபடத்தின் பிரதி கேட்டிருக்கிறேன், 12 பேர்ச்தானா என்று பார்க்க. அக்காவின் முகவர் கடிதம்தான் மிச்சம். சாதாரணக் கடிதம் போதுமா, தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோர்ணித் தத்துவம் வேண்டுமா?

ஓய்வுபெற்றவன்

சட்டத்தில் "எழுத்து மூலம் முறையாக அதிகாரமளிக்கப்பட்ட" என்றுதான் இருக்கிறது. என் வாசிப்பில் கையொப்பமிட்ட கடிதம் போதும்.

மட்டுநகரான்

எங்கள் பக்கத்தில் அப்படி ஏற்கவில்லை ஐயா. மாமாவின் காணிக்கு அற்றோர்ணித் தத்துவம் கொண்டுவந்தால்தான் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கடலோடி

இழப்பீட்டைக் கையில் வாங்கும்போது கேட்பார்கள், விசாரணைக்கு வந்து நிற்பதற்கு ஏன்?

சாரல்

அப்போ இரண்டுக்கும் ஆயத்தமாகிறேன். கடிதத்தை அக்கா இன்றே எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்புகிறார், தூதரகத்துக்கும் நாள் கேட்டிருக்கிறார். உரித்து விபரத்தை 5ஆம் திகதியே பதிவுத் தபாலில் இரட்டைப் பிரதியாகப் போட்டுவிடுகிறேன். அதில் காணியின் பெயரைப் "பழையதோட்டம்" என்று உறுதியில் உள்ளபடி எழுதி, அறிவித்தலில் வந்த எழுத்தையும் பக்கத்தில் போட்டால் போதும்தானே?

ஓய்வுபெற்றவன்

போதும். துண்டு இலக்கத்தையும் வரைபட இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள், பெயர் எப்படி இருந்தாலும் காணி மாறாது. உறுதியின் போட்டோக் கொப்பியில் அக்காவின் பெயர் சிங்களத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள்.